பென்சிலால் திருத்தித் தந்தவரின் வீட்டுக்கு ஒரு கடிதம்

கேள்வி: கொழும்பு கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊர் ஹற்றன். எங்கள் பிரிவில் மூத்தவரான ஒருவர் போன வெள்ளிக்கிழமை திடீரெனக் காலமாகிவிட்டார். நான்கு வருடம் பக்கத்து மேசை. எல்லோரும் அவரை அண்ணா என்போம். வெள்ளவத்தையில் இருக்கும் அவருடைய மனைவியையோ பிள்ளைகளையோ நான் முன்பு கண்டதில்லை. மலர்ச்சாலையில் பத்து நிமிடம் நின்றேன், பேச முடியவில்லை. ஒரு கடிதம் எழுத நினைக்கிறேன். அவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவர்கள், நான் அவரை விட வயதில் இளைய கத்தோலிக்கப் பெண். எழுதிப் பார்த்தது இது: "ஈடுசெய்ய முடியாத இழப்பால் துயருறும் தங்கள் குடும்பத்தினருக்கு எனது ஆழ்ந்த அனுதாபங்கள். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்காக உறுதியாக இருங்கள். எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள். அன்னாரின் ஆத்மா சாந்தியடைய இறைவனைப் பிரார்த்திக்கிறேன்." வாசித்தால் மதிலில் ஒட்டிய பிரசுரம் போல இருக்கிறது. பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலையும் இத்துடன் அனுப்புகிறேன். என் சிங்களம் போதாது என்பதால் வங்கிக் கடிதங்களை அவர்தான் பென்சிலால் திருத்தித் தருவார். பென்சில் என்றால் அழித்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்பார். சின்ன விஷயம் என்பதால் அதை எழுதவில்லை.

பதில்: அந்தச் சின்ன விஷயம்தான் கடிதம். மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்கினால் போதும். அதற்கு முன் நீங்கள் அனுப்பிய அறிவித்தலை ஒருமுறை மெதுவாக வாசிப்போம். குடும்பத்தைத் தெரியாதவருக்கு வேண்டிய விவரம் ஏறக்குறைய முழுவதும் அதிலேயே இருக்கிறது.

நம்மூர் அறிவித்தல்களுக்கு ஒரு நிரந்தர அமைப்பு உண்டு. முதலில் பிறந்த ஊரும் வசித்த இடமும். பிறகு "தம்பதியினரின் சிரேஷ்ட புத்திரனும்" என்று பெற்றோர். அடுத்து மாமன் மாமியார், "அன்புக் கணவரும்" என்பதற்கு முன்னால் மனைவியின் பெயர், "பாசமிகு தந்தையும்" என்பதற்கு முன்னால் பிள்ளைகளின் பெயர், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அடைப்புக்குறிக்குள் நாடு. கடிதம் எழுதுகிறவர் முதலில் தேட வேண்டிய சொல் "காலஞ்சென்ற". அது யார் பெயருக்கு முன்னால் நிற்கிறது, யார் பெயருக்கு முன்னால் நிற்கவில்லை என்று பாருங்கள். உங்கள் அறிவித்தலில் அது தகப்பனாரின் பெயருக்கு மட்டும்தான் இருக்கிறது. "காலஞ்சென்றவர்களான" என்று பன்மையில் இல்லை. அப்படியென்றால் அவருடைய தாயார் உயிரோடு இருக்கிறார். பிள்ளையை முந்தவிட்ட தாய் ஒருவர் அந்த வீட்டில் இருக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டு, "மனைவி மக்களுக்கு" என்று மட்டும் எழுதி நிறுத்துவது சரியாக இருக்காது. இரண்டு பிள்ளைகளின் பெயரும் இருக்கின்றன, இருவருக்கும் அடைப்புக்குறி இல்லை. ஆகவே இங்கேதான் இருக்கிறார்கள். மனைவியின் பெயரை அறிவித்தலில் உள்ள எழுத்துப்படியே உறையில் எழுதுங்கள். ஸ்ரீயைச் சிறியாக்குவது, ஷாவைச் சாவாக்குவது எல்லாம் இந்த நேரத்தில் வேண்டாம்.

இனி உங்கள் வரைவு. அது ஏன் பிரசுரம் போல ஒலிக்கிறது என்பதற்குக் காரணம் சொற்களில் பாதி, வினைகளில் பாதி.

வினைகளைப் பாருங்கள்: தேற்றிக்கொள்ளுங்கள், இருங்கள், கேளுங்கள். ஐந்து வரிக் கடிதத்தில் மூன்று கட்டளை. மரியாதைப் பன்மையில் சொன்னாலும் ஏவல் ஏவல்தான். நெருங்கிய சொந்தத்தில் ஒரு பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு "மனதைத் தேற்றிக்கொள் பிள்ளை" என்றால் அது அணைப்பு. முகம் தெரியாத ஒருவர் தாளில் எழுதி அனுப்பினால் அது அறிவுரை. "பிள்ளைகளுக்காக உறுதியாக இருங்கள்" என்பது இவற்றில் மிக மோசமானது, ஏனென்றால் அழக்கூடாது என்பதுதான் அதன் உள்ளர்த்தம். எழுதி முடித்ததும் கடிதத்தில் "-உங்கள்" என்று முடியும் வினைகளை எல்லாம் தேடி அடித்துவிடுங்கள். வேறெந்தத் திருத்தமும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றால் கடிதம் மென்மையாகிவிடும்.

கேள்விக்குறியும் அப்படித்தான். "எப்படி நடந்தது?", "முன்பே வருத்தம் ஏதும் இருந்ததா?" என்பவை மலர்ச்சாலையில் நூறு பேர் கேட்டுவிட்ட கேள்விகள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிலைக் கடனாக வைக்கிறது.

சொற்களுக்கு வருவோம். "ஈடுசெய்ய முடியாத இழப்பு" நிறுவனத்தின் பெயரில் வரும் அனுதாபச் செய்திக்கு உரியது. அங்கே அதற்கு வேலை இருக்கிறது, ஒரு மனிதரின் கடிதத்தில் இல்லை. "அன்னார்" அறிவித்தலுக்கு வெளியே எங்கும் உயிர் வாழாத சொல். அதை எடுத்துவிட்டு "அவர்" என்றே எழுதுங்கள். நம் வீடுகளில் மனைவிமார் பலர் கணவரைக் குறிப்பிடும் சொல்லும் அதுதான் என்பதால், வாசிப்பவருக்கு அது அந்நியமாக இருக்காது. "தங்கள்" என்பதையும் விடலாம். மரியாதைக்காக "தங்கள்" என்று தொடங்கி மூன்றாவது வரியில் "உங்கள்" என்று வழுக்கி விழுவது பொதுவாக நடப்பது. முதலிலிருந்தே "உங்கள்" என்றால் மரியாதை குறைவதில்லை. சிலர் "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்று எழுதுகிறார்கள். அது ஆங்கில அட்டையில் இருந்து இறங்கி வந்த வாக்கியம். தமிழில் நாம் இழப்புக்கு வருந்துவதில்லை, செய்தி கேட்டு வருந்துகிறோம்.

மரணத்தைச் சொல்லும் வினை ஒன்று கடிதத்தில் எங்காவது வந்தே தீரும். "இறந்த" என்பதில் பிழையில்லை, ஆனால் மனைவி வாசிக்கும் முதல் வரிக்கு அது வெறுமையாக விழும். "காலமான" செய்தித்தாள் குரல். "சிவபதமடைந்த" அவர்களுடைய நம்பிக்கையின் சொல். அறிவித்தலில் அவர்கள் அதைப் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக கத்தோலிக்கரான நீங்கள் எடுத்துப் போட்டால் இரவல் உடுப்புப் போல இருக்கும். "எம்மை விட்டுப் பிரிந்த" என்பதில் உள்ள "எம்மை" உங்களையும் குடும்பத்துக்குள் இழுத்துக்கொள்கிறது, அது இந்த உறவுக்கு அதிகம். மிஞ்சுவது "மறைந்த". அதை ஒரே தடவை சொல்லிவிட்டு அப்பால் போய்விடுங்கள்.

அதன் பிறகு இறந்தகாலத்தைக் கூடிய மட்டும் தவிர்க்கலாம். தமிழ் இதற்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. "திருத்தித் தந்தார்" என்றால் முடிந்துபோன காரியம். "திருத்தித் தருவார்" என்றால் வழக்கம். வடிவத்தில் எதிர்காலம், பொருளில் பழக்கம். ஒருவர் இல்லாமல் போன பின்பும் அவருடைய பழக்கங்களை "வருவார், தருவார், என்பார்" என்று எழுதுவது இலக்கணப்படியும் சரி, காதுக்கும் கதவை மூடாது. நீங்கள் கேள்வியில் உங்களை அறியாமலே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பென்சில் விஷயம் ஏன் போதும் என்று சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்கு அவர் கணவர், தந்தை, மகன். காலை ஏழரைக்கு வீட்டை விட்டுப் போனபின் அவர் எப்படி இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாத பகுதி. அதைக் கொடுக்கக்கூடியவர்கள் கூட வேலை செய்தவர்கள் மட்டுமே. "மிகவும் நல்லவர், உதவி செய்பவர்" என்பது அவர்களுக்கே தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்து ஒரு பிள்ளை வெட்கப்படக்கூடாது என்று பேனையை விட்டுப் பென்சிலை எடுத்தார் என்பது புதிய செய்தி. பிள்ளைகள் வளர்ந்தபின்பும் எடுத்து வாசிக்கக்கூடியது.

ஆனால் எல்லா நினைவும் இப்படி உதவாது. எழுதும் முன் அது மனைவியும் தாயும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து வாசிக்கக்கூடியதா என்று பாருங்கள். கடைசி நாளைப் பற்றியது வேண்டாம்: "வியாழக்கிழமையே களைப்பாக இருக்கிறது என்று சொன்னார்" என்று எழுதினால், நாங்கள் ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்வியை நீங்களே அந்த வீட்டுக்குத் தபாலில் அனுப்புகிறீர்கள். பணக் கொடுக்கல் வாங்கல், பதவி உயர்வு கிடைக்காத மனக்குறை, வீட்டில் சொல்லாமல் அலுவலகத்தில் சொன்ன எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வயதில் இளைய ஒரு பெண், தன்னைக் கண்டிராத மனைவிக்கு எழுதுகிறீர்கள். "அவரை மறக்கவே முடியவில்லை", "அந்த மேசையைப் பார்த்தால் அழுகை வருகிறது" என்பவை உண்மையாகவே இருக்கலாம், இருந்தாலும் கடிதத்தில் உங்கள் துக்கம் அவருடையதை விடச் சத்தமாகக் கேட்கக்கூடாது. நினைவைச் சொன்ன கையோடு "எங்கள் பிரிவில் பலருக்கும்" என்று ஒரு வரி சேர்த்தால் அது அவருடைய குணத்தைப் பற்றிய செய்தியாக நின்றுவிடும். "அண்ணா" என்ற சொல்லும் இங்கே நல்ல வேலை செய்கிறது. எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். அண்ணாவின் மனைவி முறைக்கு அண்ணிதான், ஆனால் காணாத ஒருவரிடம் முறை கொண்டாடுவதை விட "அக்கா" பொருத்தம். "மதிப்புக்குரிய திருமதி" என்று தொடங்குவதும் பிழையல்ல. நிர்வாகத்தின் கடிதம் அப்படி வரும், உங்களுடையதும் அப்படி வரவேண்டுமா என்று யோசியுங்கள்.

"எந்த உதவி வேண்டுமானாலும்" என்பதற்குப் பதிலாகச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். இடிந்துபோய் இருப்பவர் பட்டியல் போட்டு உதவி கேட்க மாட்டார். அவருடைய மேசையில் சொந்தப் பொருட்கள் இருக்கும். பிரிவுப் பொறுப்பாளரிடம் கேட்டு, ஆவணங்களும் நாட்குறிப்பும் தவிர்ந்தவற்றை ஒரு பெட்டியில் போட்டு வைத்து, வீட்டில் சேர்ப்பிக்கிறோம் என்று எழுதலாம். கண்ணாடிக் கூடு, குடை என்று பெயர் சொல்லி எழுதுவது நல்லது. சாப்பாட்டுப் பெட்டி இருந்தால் அதைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வையுங்கள், கடிதத்தில் மட்டும் குறிப்பிட வேண்டாம். அன்று காலை அதைக் கட்டிக் கொடுத்தவர்தான் அதை வாசிக்கப் போகிறார்.

ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி ஆகியவற்றை நல்லெண்ணத்தோடு கூட இதில் தொடாதீர்கள். அது நிர்வாகம் தனியாக எழுத வேண்டிய கடிதம். பிரிவில் சேர்த்த பணம் இருந்தால் அதுவும் வேறு உறையில், வேறு கையால் போகட்டும். ஒரே உறைக்குள் வைத்தால் பணத்துக்குத் துணையாக வந்த துண்டாகிவிடும் கடிதம்.

பிரார்த்தனை வரிக்கு வருகிறேன். "ஆத்மா சாந்தியடைய" என்பது சைவக் குடும்பத்துக்குப் பழகிய சொல், பிழையாக எடுக்க மாட்டார்கள். ஆனால் "நித்திய இளைப்பாற்றி" என்று செபித்துப் பழகிய உங்கள் வாய்க்கு அது சொந்தமில்லை. இறந்தவருக்காக என்று எழுதாமல் இருப்பவர்களுக்காகப் பிரார்த்திப்பதாக எழுதினால் இருபக்கமும் உண்மையாக இருக்கும். இதே கடிதம் புரட்டஸ்தாந்துக் குடும்பமொன்றுக்குப் போவதென்றாலும் அந்த வழிதான் பாதுகாப்பு, ஏனென்றால் அவர்களில் பலர் இறந்தவருக்காக மன்றாடுவதில்லை. முஸ்லிம் வீட்டுக்கென்றால் அரபு வாக்கியத்தைப் பார்த்தெழுதிப் பிழைவிடுவதை விட "உங்கள் எல்லோருக்காகவும் பிரார்த்திக்கிறேன்" என்பதே நல்லது. தகனமா நல்லடக்கமா என்பதை வைத்து மட்டும் சமயத்தை ஊகிக்க வேண்டாம். அடக்கம் செய்யும் சைவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் கடிதம் இப்படி வரும்:

"அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கணவரோடு கணக்குப் பிரிவில் நான்கு வருடம் வேலை செய்தேன். பிரிவில் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மறைந்த செய்தி கேட்டு மிகவும் மனம் வருந்தினேன்.

வேலைக்கு வந்த புதிதில் எனக்குச் சிங்களம் சரியாக எழுத வராது. வங்கிக்குப் போகும் கடிதங்களை அண்ணா பென்சிலால் திருத்தித் தருவார். பென்சில் என்றால் அழித்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்பார். எங்கள் பிரிவில் பலருக்கும் இப்படி ஒவ்வொரு விதமாக உதவியிருக்கிறார்.

அவருடைய கண்ணாடிக் கூட்டையும் குடையையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம். அந்தியேட்டி முடிந்த பிறகு எங்களில் ஒருவர் வீட்டில் கொண்டுவந்து தருவார்.

உங்களையும் பிள்ளைகளையும் அம்மாவையும் நினைத்துப் பிரார்த்திக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டிய தேவை இல்லை.

மரியாதையுடன்,"

கீழே உங்கள் முழுப் பெயர், அதன் கீழ் "கணக்குப் பிரிவு". தொலைபேசி இலக்கம் வேண்டுமானால் தாளின் அடியில் சிறிதாக. முதல் வரியிலேயே நீங்கள் யார் என்று சொல்லியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்த வாரம் அந்த வீட்டுக்குத் தெரியாத பெயர்களில் நிறைய வரும். யார் இது என்று கடைசி வரி வரை யோசிக்க வைப்பது அவர்களுக்கு வேலை. கடிதத்தில் "நான்" என்ற சொல் ஒரு தடவையும் இல்லை. "செய்தேன், வருந்தினேன்" என்ற விகுதிகளே அதைச் சொல்லிவிடுகின்றன. இதைவிட நீட்ட நினைத்தால் நினைவு இருக்கும் பத்தியை மட்டும் இன்னும் ஓரிரு வரி நீட்டலாம், மற்றப் பத்திகள் இதற்கு மேல் தாங்காது.

எழுதும்போது கை பழக்கத்தில் செய்யும் சிலவற்றைக் காவல் பார்க்க வேண்டும். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கிவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், பள்ளிக்கூடத்தில் ஏறிய வரி தானாக வந்து விழும். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடும் பழக்கமுள்ளவர்களும் இதில் அதைப் போடுவதில்லை. செத்தவீட்டில் விடைபெறும்போது "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்வதைத் தவிர்ப்பது போலவே, முடிவில் "மீண்டும் சந்திப்போம்" என்றும் எழுதுவதில்லை. மேசைப் பொருட்களைக் கொண்டுவருவதைப் பற்றிய வரியில் "எங்களில் ஒருவர்" என்று இருப்பது அதனாலும்தான். கோடில்லாத வெள்ளைத் தாளில் பாதி, நீலம் அல்லது கறுப்பு மை, கையெழுத்து. கறுப்புக் கரை போட்ட தாள் வேண்டாம், அது அறிவித்தல் அச்சடிப்பதற்கு. முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு நல்ல தாளில் பெயர்த்து எழுதுங்கள். வெட்டித் திருத்திய சொல்லுக்குக் கீழே என்ன இருந்தது என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது மனித இயல்பு.

எப்போது அனுப்புவது? இறுதிக்கிரியை நாளில் கொடுத்த கடிதங்கள் மலர்வளையங்களோடு எங்கோ போய்விடும், ஆகவே அன்று பேச முடியாமல் போனதில் நட்டமில்லை. எட்டு முடியும் வரை வீட்டில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். அதற்குப் பின் சனம் குறையத் தொடங்கும். எட்டுக்கும் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கும் இடையில் உங்கள் கடிதம் போய்ச் சேர்வது நல்லது. சாதாரணத் தபாலில் போடுங்கள். பதிவுத் தபால் என்றால் தபால்காரர் மணியடித்துக் கையெழுத்துக் கேட்பார், ஏதோ சட்டக் கடிதம் என்று அந்த வீடு பயப்படும். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவது, பிரிவின் குழுவில் அதைப் பகிர்வது இரண்டும் வேண்டாம். பென்சில் கதை முதலில் அந்த வீட்டுக்குப் போகட்டும்.

பதில் வராது. "நன்றி நவிலல்" என்று பத்திரிகையில் ஒரு பொது அறிவித்தல் வரக்கூடும், அது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஒன்று நடக்கலாம்: யாழ்ப்பாணக் குடும்பங்கள் பல 31ஆம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அச்சிடுவார்கள், கல்வெட்டு என்று பேச்சில் சொல்வது அதைத்தான். உறவினர் ஒருவர் அழைத்து, நீங்கள் எழுதிய பத்தியை அதில் சேர்க்கலாமா என்று கேட்கக்கூடும். கடிதத்தில் இருப்பது உங்கள் சிங்களத்தைப் பற்றியும்தான், அது ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் அவரும் பென்சிலை எடுத்தார். சம்மதமென்றால் பெயரோடு கொடுங்கள். தயக்கம் இருந்தால் "கூடப் பணியாற்றிய ஒருவர்" என்று போடச் சொன்னால் அவர்கள் அப்படியே போடுவார்கள்.